“தம்பி ஏன் இன்னும் போன் பண்ணலை?”: மறதி நோய் உள்ள பெரியவரிடம் உடன்பிறந்தவரின் மரணத்தைச் சொல்வது

அம்மாவுக்கு 81 வயது. அல்சைமர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. பெரம்பூரில் என்னோடு இருக்கிறார். அம்பத்தூரில் இருந்த அவருடைய ஒரே தம்பி, எங்கள் மாமா, சென்ற மார்ச்சில் ஒரு விடியற்காலையில் மாரடைப்பால் இறந்துபோனார். அம்மாவிடம் அதை ஒரு தடவை சொல்வது எப்படி என்று மட்டும்தான் அன்று காலை யோசித்தேன். அடுத்த மூன்று வாரம் அதே கேள்வி நாளுக்குப் பத்து முறை வரும் என்றும், வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது என்றும் அப்போது தெரியாது. என்னைப் போல் திடீரென்று இந்த நிலைமையில் மாட்டிக்கொள்பவர்களுக்காக, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

சொல்லலாமா, வேண்டாமா

துக்கச் செய்தி வந்ததும் வீட்டில் இரண்டு கட்சி உருவாகும். “அவங்களுக்கு எங்க புரியப்போகுது, விடு” என்பது ஒன்று. “கூடப்பிறந்தவன் செத்ததைச் சொல்லாம மறைக்கலாமா?” என்பது இன்னொன்று. இரண்டு பேரும் தங்கள் மனதை வைத்துத்தான் பேசுகிறார்கள். முடிவு செய்ய வேண்டியது பெரியவரின் இன்றைய நிலையை வைத்து.

நான் பார்த்தது இரண்டு விஷயம். இறந்தவரைப் பற்றி அம்மா தானாகக் கேட்கிறாரா, அவரை இந்தக் காலத்து மனிதராக நினைவில் வைத்திருக்கிறாரா என்பது முதலாவது. காலையில் சொன்ன ஒரு செய்தி அரை மணி நேரமாவது அவரிடம் நிற்கிறதா என்பது இரண்டாவது. மறதி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், சொல்லியே ஆக வேண்டும். அவருக்கு அழ உரிமை இருக்கிறது. நடுத்தர நிலையில், எங்கள் அம்மாவைப் போல், செய்தி நிற்காது. ஆனால் தம்பி என்ற மனிதர் உள்ளே உறுதியாக இருக்கிறார். அப்படிப்பட்டவர்களிடமும் ஒரு தடவை முறையாகச் சொல்லிவிடுவதே சரி என்று நினைக்கிறேன். வீட்டில் எல்லோர் முகமும் வீங்கியிருப்பதை அவர் கவனிப்பார். காரணம் தெரியாவிட்டால், தன்னால்தான் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று பயப்படுவார். பேச்சே குறைந்து, பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாத கடைசி நிலையில், தேடாத ஒருவரின் மரணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

எப்போது, யார், எங்கே

செய்தி எங்களுக்கு வந்தது காலை ஐந்தே காலுக்கு. உடனே எழுப்பிச் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில் மறதி நோயாளிக்கு எந்த வீடு, எந்த நாள் என்பதே பிடிபடாது. அம்மா எழுந்து, பல் தேய்த்து, இட்லி சாப்பிட்டு, பிரஷர் மாத்திரையும் போட்ட பிறகு, எட்டரை மணி வாக்கில் சொன்னேன். செய்தி மாலையில் வந்தால், அன்று இரவே அடக்கம் என்ற நெருக்கடி இல்லாதவரை, மறுநாள் காலை வரை காத்திருங்கள். வெளிச்சம் குறையும் நேரத்தில் இவர்களுக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். ஐந்து மணிக்கு மேல் சொல்லும் துக்கம் ராத்திரி முழுவதும் வீட்டைச் சுற்றும்.

ஆனால் காத்திருக்கும் அந்த மூன்று மணி நேரத்தில் செய்தி வேறு வழியாகப் போய்ச் சேரக் கூடாது. நான் முதலில் செய்தது அம்மாவின் செல்போனை எடுத்து சைலண்டில் போட்டது. இல்லையென்றால் விருதுநகரிலிருந்து ஒரு சித்தி அழுதுகொண்டே கூப்பிட்டிருப்பார். வேலைக்கு வரும் அக்காவிடமும், பகலில் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டரிடமும் வாசலிலேயே சொல்லி வைத்தேன்.

சொல்பவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். அவர் முகம் அம்மாவுக்குத் தினமும் தெரிந்த முகமாகவும் இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்த மூத்த மகன் என்ற மரியாதையெல்லாம் இங்கே உதவாது. காது மெஷினை மாட்டி, கண்ணாடி போட்டு, டிவியை அணைத்து, அவருக்கு எதிரே அவர் கண் மட்டத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். நின்றுகொண்டு குனிந்து சொன்னால் திட்டுவது போல் இருக்கும். என் தங்கை அடுத்த அறையில் இருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் அம்மா யார் முகத்தைப் பார்ப்பது என்று தடுமாறுவார்.

என்ன வார்த்தை

நம் தமிழில் சாவைச் சொல்ல ஏராளமான வழி இருக்கிறது. பெரும்பாலானவை சாவைச் சொல்லாமல் சுற்றிப் போகிறவை, அதனால் இவர்களுக்கு ஒத்துவராது. “மாமா நம்மை விட்டுப் போயிட்டாரு” என்றால் “எங்க போயிட்டான்? யார்கிட்ட சொல்லிட்டுப் போனான்?” என்று கேள்வி வரும். “சாமிகிட்ட போயிட்டாரு” என்றால், எந்தக் கோயிலுக்கு என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி உண்மையாகவே அப்படிக் கேட்டிருக்கிறார். “காலமானார்” என்பது போஸ்டரில் படிக்கிற சொல், காதில் விழுந்தால் உடனே உறைக்காது. வயதானவர்கள் காதுக்குப் பழகியது “தவறிட்டான்”, “இறந்துட்டான்” இரண்டும்தான். அவற்றில் உங்கள் வீட்டில் புழங்குவதைச் சொல்லுங்கள்.

உறவுமுறையையும் அவர் வாயில் வரும்படியே சொல்ல வேண்டும். எனக்கு மாமா; அம்மாவுக்குத் தம்பி. “மாமா இறந்துட்டாரு” என்றால் அம்மா தன் மாமாவை நினைத்துக்கொள்வார். அவர் இறந்து நாற்பது வருடம் ஆகிறது.

நான் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா, ஒரு துக்கமான சேதி.” கொஞ்சம் நிறுத்தினேன். “உன் தம்பி இறந்துட்டான்மா. இன்னைக்கு விடியகாலையில.” மறுபடி நிறுத்தினேன். “நான் உன்கூடவே இருக்கேன்.” முதல் வாக்கியம் மனதைத் தயார் செய்ய. நடு வாக்கியத்தில் யார், என்ன ஆனது என்ற இரண்டுக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு நெஞ்சு வலி, ஆம்புலன்ஸ் எங்கே மாட்டிக்கொண்டது என்ற கதையெல்லாம் அவர் கேட்டால் மட்டும், ஒவ்வொரு வாக்கியமாக. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “கஷ்டப்பட்டானா?” “இல்லம்மா, கொஞ்ச நேரம்தான்” என்றேன். உண்மையும் அதுதான்.

சொன்னதும் பேசாமல் இருக்க வேண்டும். இது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. மறதி நோயில் ஒரு வாக்கியம் உள்ளே போய்ப் பொருளாக மாறவே கூடுதல் நேரம் ஆகும். அந்த நேரத்தில் நாம் ஆறுதல் என்று இன்னும் நாலு வாக்கியம் போட்டால் முதல் வாக்கியம் அடிபட்டுப் போகும். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதார். பத்து நிமிடம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “காபி கொடுத்தியா எனக்கு?” என்றார். அதைக் கேட்டு என் தங்கை திடுக்கிட்டாள். அழாமல் நேராகக் காபிக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. பாசம் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. அந்த நிமிடம் அவர்களிடமிருந்து நழுவிவிட்டது, அவ்வளவுதான். காபி கொடுங்கள். “இப்பத்தான் சொன்னேன், தம்பி செத்துட்டான்னு” என்று பிடித்து இழுக்காதீர்கள்.

சாவு வீட்டுக்கு அழைத்துப் போவது

அழைத்துப் போகலாம் என்பதே என் கட்சி, ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கூட்டம் சேர்வதற்கு முன் பத்தரைக்கே அம்பத்தூர் போய்விட்டோம். பறை அடிப்பவர்கள் வரவில்லை, ஒப்பாரியும் தொடங்கவில்லை. ஃப்ரீசர் பாக்ஸ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கண்ணாடிக்குள் தெரியும் முகத்தைக் காட்டி “உன் தம்பிம்மா” என்று ஒரு தடவை சொன்னேன். அம்மா பாக்ஸ் மேல் கையை வைத்து, “ஏன்டா இவ்ளோ ஜில்லுனு இருக்கே?” என்றார். எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது என்பது தெரிந்தது. வாய்க்கரிசி போட அரிசியைக் கையில் கொடுத்ததும், யாரும் சொல்லித் தராமலேயே எப்படிப் போடுவது என்று கைக்குத் தெரிந்திருந்தது. ஆயுள் முழுக்கச் செய்த சடங்குகளை உடம்பு எளிதில் மறப்பதில்லை.

இதற்கு ஒரு ஆளை முழுநேரமாக ஒதுக்க வேண்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. மாலை வாங்குவதோ வண்டி பேசுவதோ அவர் வேலை இல்லை. தண்ணீர் பாட்டில், மாற்றுப் புடவை, பாத்ரூம் எங்கே என்ற விவரம், வாசலில் காத்திருக்கும் கார் எல்லாம் அவர் பொறுப்பு. “இது யார் வீடு?”, “நான் கிளம்பறேன்” என்று சொல்லத் தொடங்கினாலோ, முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாலோ கிளம்பிவிட வேண்டும். உறவுக்காரர்கள் “எடுக்கிற வரைக்கும் இருக்கட்டுமே” என்பார்கள். நாங்கள் பதினொன்றுக்கே கிளம்பிவிட்டோம். அழைத்துப் போக முடியாத நிலையிலுள்ளவர்களுக்கு, வீட்டிலேயே படத்துக்கு முன் ஒரு விளக்கு ஏற்றி அவர் கையால் பூ வைக்கச் செய்தால் போதும்.

அதே கேள்வி, அடுத்த நாள்

இனித்தான் நான் தப்பு செய்த இடம். மறுநாள் சாயங்காலம் அம்மா கேட்டார்: “தம்பி ஏன் இன்னும் போன் பண்ணலை?” உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது மனதில் பதிந்திருந்ததால், “இறந்துட்டான்மா, நேத்து போய்ப் பார்த்துட்டு வந்தோமே” என்றேன். அம்மா அலறினார். முதல் நாள் அழுததை விட அதிகமாக. “எனக்கு யாருமே சொல்லலையே!” முக்கால் மணி நேரம் கழித்து அதே கேள்வி. மறுபடி சொன்னேன். மறுபடி அதே அலறல். மூன்று நாளில் பதினோரு தடவை அம்மா தன் தம்பியை இழந்தார், ஒவ்வொரு தடவையும் புதிதாக. நான்காம் நாள் அவர் கேள்வி கேட்காமலேயே அழுதுகொண்டிருந்தார். ஏன் அழுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

நாங்கள் பார்க்கும் டாக்டர் இதை விளக்கினார். புதிய செய்தியைப் பதித்து வைக்கும் பகுதி மூளையில் ஹிப்போகேம்பஸ் என்பது. அல்சைமர் முதலில் கைவைக்கும் இடங்களில் அது ஒன்று. அதனால் செய்தி நிற்காது. ஆனால் செய்தி கிளப்பிய துக்கம் அப்படி உடனே போய்விடாது. அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டிப் பார்த்திருக்கிறார்கள். 2014இல் வெளியான ஆய்வு. என்ன பார்த்தோம் என்பதை அவர்கள் சீக்கிரமே மறந்துவிட்டார்கள், சோகம் மட்டும் அதற்குப் பிறகும் நீடித்தது. எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவேதான். நான் செய்தியை நிறுத்தி வைக்கப் பார்த்தேன். நின்றது துக்கம் மட்டும்.

டாக்டர் ஒரு சின்ன வேலை கொடுத்தார். ஒரு நோட்டில் நாலு கட்டம்: மணி, அம்மா கேட்ட வார்த்தை அப்படியே, நான் சொன்ன பதில், அழுகை எத்தனை நிமிடம். ஒரு வாரம் எழுதச் சொன்னார். இதைத் தவறாமல் செய்யுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை உண்மையைச் சொல்லிப் பார்த்ததில், “ஆமா, சொன்னியே… பாவம்” என்று பெரியவர் தணிந்தால், செய்தி எங்கோ பதிகிறது. தொடர்ந்து அதையே மெல்லச் சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே இடி விழுந்தால், செய்தியாகச் சொல்வதை நிறுத்திவிட வேண்டும். நோட்டு இல்லாமல் இதை நாம் ஊகித்துச் சொல்ல முடியாது. அலுப்பில் எல்லா நாளும் ஒன்று போலத் தோன்றும்.

கேள்விக்குள் என்ன கேள்வி

ஐந்தாம் நாள் நோட்டில் பதினான்கு கேள்விகள் இருந்தன. அதில் ஒன்பது, மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில். பார்த்ததும் விளங்கிவிட்டது. மாமா தினமும் ஐந்தரை மணிக்குப் போன் செய்வார். ரிட்டயர் ஆனதிலிருந்து வந்த பழக்கம். கடிகாரம் பார்க்கத் தெரியாவிட்டாலும், வெயில் பால்கனிக் கம்பியில் சாயும்போது போன் வர வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

கேட்ட வார்த்தைகளும் ஒன்றாக இல்லை. எல்லாம் ஒரே கேள்வி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதி வைத்த பிறகு பார்த்தால் நாலு வகை.

“தம்பி ஏன் போன் பண்ணலை?” என்பதில் மனத்தாங்கல் இருந்தது. என்னை மறந்துவிட்டானா என்பதே அதன் பொருள். அதற்கு மரணம் பதில் இல்லை. “அவனுக்கு உன்மேல எவ்ளோ பாசம்! ஒரு நாள் விடாம கூப்பிடுவானே” என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. அம்மா முகம் இளகியது. “ஆமா, சின்னதுலேருந்தே அப்படித்தான்” என்று தொடங்கினார். அங்கிருந்து பேச்சு அவர்கள் வளர்ந்த ரயில்வே லோகோ ஒர்க்ஸ் குவார்ட்டர்ஸுக்குப் போனது. சங்கு ஊதினால் தாத்தா வருவதற்குள் இரண்டு பேரும் ஓடி வந்து புத்தகத்தை விரித்து உட்கார்ந்துகொள்வார்களாம். இருபது நிமிடம் ஓடிவிட்டது. கேள்வி திரும்ப வரவில்லை.

“தம்பி சாப்பிட்டானா?” என்பது அக்காவின் கவலை. “அவனுக்கு ஒரு குறையும் இல்லம்மா. அவனுக்கு என்ன குழம்பு பிடிக்கும்?” என்று கேட்டால், வத்தக்குழம்பா காரக்குழம்பா என்பதில் பேச்சு நகர்ந்துவிடும்.

“தம்பி எங்க?” என்பதற்கு முதலில் நான் எதிர்க்கேள்வி போடுவேன்: “தம்பி ஞாபகம் வந்துடுச்சா?” ஆமாம் என்றால் அவரைப் பற்றிப் பேசலாம். பெரும்பாலும் அதுதான் தேவைப்பட்டது. பேச்சோடு கைக்கும் ஒரு வேலை கொடுத்தால் இன்னும் நல்லது. கீரை ஆய்வது, உதிரி மல்லியைத் தொடுப்பது போல. வெறுமனே “வா, டிவி பார்க்கலாம்” என்று திசை திருப்பினால் அம்மா கண்டுபிடித்துவிடுவார். அவர் கேட்டதைக் காதில் வாங்கினோம் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிய வேண்டும்.

நாலாவது வகையில் ஏமாற்ற இடமே இல்லை. ஒன்பதாம் நாள், என் கண்ணைப் பார்த்து, தணிந்த குரலில் அம்மா கேட்டார்: “தம்பி செத்துட்டானா?” உள்ளே எங்கோ ஒரு துணுக்கு ஒட்டியிருக்கிறது. அதைச் சரிபார்க்கத்தான் கேட்கிறார். அப்போது மழுப்பினால் தன் புத்தியையே சந்தேகப்படுவார். “ஆமாம்மா. நீ போய்ப் பார்த்தே. உன் கையால வாய்க்கரிசி போட்டே” என்றேன். அழுதார். ஆனால் அது வேறு அழுகை, ஐந்து நிமிடத்தில் அடங்கியது. அவரே கேட்டு அவரே தெரிந்துகொண்ட விஷயமாக இருந்ததால் என்று நினைக்கிறேன்.

எந்த வகையாக இருந்தாலும் சொல்லக் கூடாதவை மூன்று: “இப்பத்தானே சொன்னேன்”, “ஞாபகம் இல்லையா?”, “எத்தனை தடவை கேப்பே?” நானும் சொல்லியிருக்கிறேன், ராத்திரி இரண்டு மணிக்கு. கேள்வி அதனால் நிற்காது. கேட்டால் திட்டு விழும் என்ற பயம் மட்டும் தங்கும். பொறுமை போய்விட்டால், “அடுப்புல பால் வெச்சிருக்கேன்” என்று இரண்டு நிமிடம் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

“ஊருக்குப் போயிருக்கான்” என்று சொன்னால்?

எல்லோரும் சொல்லித் தருவது இதுதான். என் அத்தை ஒரு நாள் என்னைக் கேட்காமல் அப்படிச் சொல்லிவிட்டார், “தம்பி திருப்பதி போயிருக்கான், ரெண்டு நாள்ல வந்துடுவான்” என்று. அன்று அம்மா அழவில்லை. ஆனால் எல்லாவற்றையும் மறக்கிற அம்மா, அவன் வருவான் என்ற எதிர்பார்ப்பை மறக்கவில்லை. வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தார். அதற்குள் இன்னொரு உறவினர் வந்து உண்மையைச் சொல்லியிருந்தால், மரணத்தோடு ஏமாற்றப்பட்ட கோபமும் சேர்ந்திருக்கும்.

பொய்யே கூடாது என்று நான் வாதிடவில்லை. நோய் முற்றிய நிலையில், வேறு எதுவும் அமைதிப்படுத்தாதபோது, ஒரு சின்னப் பொய்யைச் சொல்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சொல்வதாக இருந்தால் திரும்பி வரும் நாள் குறிப்பிடாத பொய்யாக இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். ஆனால் உணர்ச்சிக்குப் பதில் சொல்லி, பழைய நினைவுக்குத் திரும்புகிற வழி பலிக்கும்வரை பொய் தேவைப்படவில்லை என்பது என் அனுபவம்.

வீட்டுக்குள் மாற்றியவை

ஹாலில் மாலை போட்ட படம். இது எனக்குத் தோன்றவே இல்லை, அட்டெண்டர்தான் சொன்னார். பாத்ரூம் போகும் வழியில் அம்மா ஒவ்வொரு தடவையும் அந்தப் படத்தைப் பார்க்கிறார், மாலையைப் பார்க்கிறார், ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தெரிந்துகொள்கிறார். படத்தை என் அறைக்கு மாற்றினோம். அதற்குப் பதில் அம்மா கட்டிலருகே, அவரும் மாமாவும் பதின்ம வயதில் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்தோம், மாலை இல்லாமல், பொட்டு வைக்காமல்.

ஐந்தரை மணி நேரத்தைக் காலியாக விடக் கூடாது என்பதும் நோட்டு சொன்னதுதான். ஐந்தேகாலுக்கே ஹால் விளக்குகளைப் போட்டுவிடுவோம், இருட்டு தெரியாதபடி. காபி, பிறகு பூத்தொடுப்பது. ஐந்தரைக்கு என் தங்கை தாம்பரத்திலிருந்து போன் செய்வாள். மாமா இடத்தை நிரப்ப அல்ல, அந்த நேரத்தில் ஒரு மணி ஒலிக்க வேண்டும், யாரோ “சாப்டியா?” என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். பத்தாம் நாளிலிருந்து சாயங்காலக் கேள்விகள் மூன்று, நாலாகக் குறைந்தன.

துக்கம் விசாரிக்க வருபவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் ஒருவர் பின் ஒருவராக வந்து அம்மா கையைப் பிடித்து “போயிட்டாரே உங்க தம்பி!” என்றால், ஒரு நாளைக்கு ஐந்து சாவு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் போட்டேன்: “அம்மாவிடம் செய்தியைச் சொல்லிவிட்டோம். அவருக்கு நினைவில் நிற்பதில்லை. வருபவர்கள் காலை 10 முதல் 12க்குள் வாருங்கள், இரண்டு பேராக. மாமா இறந்ததை நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். மாமாவைப் பற்றிய பழைய கதைகளைச் சொல்லுங்கள். அம்மாவே ‘இறந்துட்டானா’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்று மட்டும் சொல்லி என்னைக் கூப்பிடுங்கள்.” சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு பெரியம்மா, “துக்க வீட்டுல கதை சொல்றதா?” என்றார். அவரே வந்து, மாமா மாங்காய் திருடி மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனார்.

துக்கம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாதது

பதிமூன்றாம் நாள் அம்மா திடீரென்று மாறினார். பகலெல்லாம் தூங்கினார், ராத்திரியில் சுவரில் பூச்சி ஓடுகிறது என்றார், என்னை யாரென்று கேட்டார். உறவினர்கள் எல்லோரும் “தம்பி போன ஏக்கம்” என்றார்கள். அது ஏக்கம் இல்லை, சிறுநீர்த் தொற்று. மார்ச் வெயிலில், வீட்டுக் குழப்பத்தில், அம்மா எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று யாரும் பார்க்கவில்லை. மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல நகரும். ஓரிரு நாளில், சில மணி நேரத்திலேயே கூட, குழப்பம் பாய்ந்து கூடினால் உடம்பில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்: தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், உப்புச்சத்து இறக்கம், புதிதாகத் தொடங்கிய மாத்திரை. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். தூங்கட்டும் என்று வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரையையோ, தூக்கம் வரவைக்கும் சளி, அலர்ஜி மருந்தையோ கொடுத்துவிடாதீர்கள். அவை குழப்பத்தை அதிகமாக்கும்.

மெதுவாக வரும் மாற்றம் வேறு. இரண்டு வாரமாகச் சாப்பாடு குறைந்து, எதிலும் ஈடுபாடு இல்லாமல், காலையிலேயே அழுகை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் மருத்துவம் உண்டு. சென்னையில் அண்ணா நகர் பக்கம் இருக்கும் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு மறதி நோய்க்கென்று தனியாகச் சேவை நடத்துகிறது. கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் மருத்துவமனையும் இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567. ராத்திரியில் உங்களுக்கே தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416; அது 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம்.

காரியமும் அதற்குப் பிறகும்

பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மாவை அழைத்துப் போகவில்லை. தொற்று அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்தது. அன்று மாலை சாப்பாடு மட்டும் பாத்திரத்தில் வந்தது. வடையைப் பார்த்துவிட்டு, “யாருக்கு விசேஷம்?” என்று கேட்டார். “உன் தம்பிக்கு” என்றேன். மேலே கேட்டால் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். கேட்கவில்லை. “அவனுக்கு ரெண்டு எடுத்து வை” என்றார். எடுத்து வைத்தேன்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. வாரத்துக்கு ஒரு தடவை கேள்வி வருகிறது, அதுவும் பெரும்பாலும் “சாப்பிட்டானா?” என்பதுதான். சென்ற மாதத்திலிருந்து அம்மா தன் அம்மாவைத் தேடத் தொடங்கியிருக்கிறார். பாட்டி இறந்து ஐம்பது வருடம். நோட்டில் புதுப் பக்கம் திருப்பியிருக்கிறேன்: மணி, கேட்ட வார்த்தை, சொன்ன பதில், அழுகை எத்தனை நிமிடம்.